இரண்டு இழை

மின்கம்பத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த பால்காரரின் வண்டி இருக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அதைத் துடைக்கப்போன மின்வாரியப் பயிற்சி லைன்மேன் ஊசியின் விரலில் வெதுவெதுப்பும் வழவழப்புமாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். எண்ணெய். மேலே டிரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டிருந்தது.

அவளை எல்லோரும் ஊசி என்றுதான் அழைப்பார்கள். பயிற்சி லைன்மேனாகச் சேர்வதற்கு முன்னால் ஏழு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் எந்திரம் ஓட்டியவள். ஆளும் அந்தப் பெயருக்கேற்ற ஒல்லி. நாற்பது எந்திரங்கள் ஒன்றாக ஓடும் கூடத்தில் தன் எந்திரத்தின் பெல்ட் தளர்வதைக் காதாலேயே கண்டுபிடிப்பாள் என்று அங்கே அவளுக்குப் பேர் உண்டு. அந்தக் காது இப்போது கம்பத்தடியில் நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் போடுவது ஒரே சீரான ரீங்காரம். இன்றைக்கு அது கனத்துப்போயிருந்தது. அதற்கடியில், சூடான கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல, மெல்லிய 'சர்' சத்தமும் கேட்டது.

காலை எட்டரை. மாலையில் திருவிழா. தெருமுழுக்கச் சீரியல் விளக்குகளைக் கட்டிவிட்டு, சரிபார்க்கிறேன் என்று பகலிலேயே எரியவிட்டிருந்தார் பந்தல் லைட்காரர். ராத்திரி இந்தக் கம்பத்தைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

ஊசியின் கண் கம்பத்திலிருந்த ஃப்யூஸ் கட்டைகளுக்குப் போனது. அவள் கவலை எண்ணெயைப் பற்றி மட்டுமல்ல. முந்தின நாள் மாலை ஒத்திகையின்போது இந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இறங்கும் மூன்று மின்வழிகளில் முதலாவதில், முதல் ஃபேஸில், ஃப்யூஸ் இரண்டு தடவை போனது. லைட்காரர் கெஞ்சினார், சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாவது தடவை அவள் ஃப்யூஸ் கட்டையில் ஒரு கம்பி இழை கட்டவேண்டிய இடத்தில் இரண்டு இழைகளை முறுக்கிக் கட்டினாள். அப்புறம் ஃப்யூஸ் போகவில்லை. போகாதது நல்லது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாவு மில்லுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. மில் ஓடினால் தண்ணீர்க்குடம் நடுங்கும். அவள் வேலை நிரந்தரமானதும் வேறு வீடு பார்க்கலாம் என்று சரக்கு வண்டி ஓட்டும் கணவன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பொறியாளர் அம்மா அவளைப்பற்றி எழுதும் அறிக்கை இந்த வாரம் மேலே போகிறது. அதில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வேலை கைநழுவும்.

அலுவலகத்துக்குப் போய்ச் சத்தத்தையும் சொட்டையும் மட்டும் சொன்னாள். ஃபோர்மேன் தேநீர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. எண்ணெய் கசியாத டிரான்ஸ்ஃபார்மரை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டார். திருவிழா அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தினால் ஊரே வந்து தன் சட்டையைப் பிடிக்கும் என்றார். பொறியாளர் அம்மாவும் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

"லோடு கூடியிருந்தா ஃப்யூஸ் போயிருக்கும்ல ஊசி? அது கம்முனு நிக்குது. நீ ஏன் அலட்டிக்கிற?" என்றார் ஃபோர்மேன்.

அறையில் யாருக்கும் பதில் தேவைப்படவில்லை. பேசாமல் இருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஊசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தானா நிக்கலண்ணே. நேத்து நான்தான் ரெட்டை இழை போட்டேன்."

ஃபோர்மேன் டம்ளரை வைத்துவிட்டார். பொறியாளர் அம்மா, கம்பியில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கம்பத்தடியில் கம்பிகளை ஒவ்வொன்றாக டெஸ்டரின் வாய்க்குள் கவ்வவைத்துப் பார்த்தார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஃபேஸுக்கு நூற்று முப்பத்துமூன்று ஆம்பியர் தாங்கும். முதல் ஃபேஸில் இருநூற்றுப் பத்து ஓடியது. மற்ற இரண்டிலும் தொண்ணூறைத் தாண்டவில்லை. கம்பி கைக்கெட்டிய பக்கமே தெரு விளக்கு முழுவதையும் லைட்காரர் மாட்டியிருக்கிறார். ஒற்றை இழை அதைத் தாங்காமல் உருகி எச்சரித்தது. இரட்டை இழை அதன் வாயை அடைத்துவிட்டது. சூட்டில் உள்ளே எண்ணெய் விரிந்து, வழி கிடைத்த இடத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. எண்ணெய் குறைந்து சுருள்கள் வெளியே தெரிந்தால் அவற்றின் காப்பு உறை கருகும். அப்புறம் நெருப்பு கூட்டத்தின் தலைமேல்தான் கொட்டும்.

பொறியாளர் அம்மா அங்கேயே வேலை அனுமதிச் சீட்டை எழுதி நீட்டினார். முதலில் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பளுவை இறக்கினார்கள். பிறகு ஃபோர்மேன் உயரழுத்தச் சுவிட்சின் கைப்பிடியை இழுத்துப் பூட்டுப்போட்டார். மேலே சுவிட்சின் மூன்று கத்திகளும் விலகி நிற்கின்றனவா என்று ஊசி கண்ணால் எண்ணினாள். மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடை மேல்பக்கம் மாட்டியபின், கீழ்ப்பக்கமும் மாட்டவேண்டும் என்றாள். லைட்காரரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. மின்சாரம் நின்றது என்று அவர் ஆள் அதை ஓட்டிவிட்டால் பின்வழியாக மேலே மின்சாரம் ஏறிக் கம்பிக்கு உயிர் வந்துவிடும். ஃபோர்மேன் இரண்டாவது ராடை எடுத்துக் கொடுத்தார்.

இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு அவளே ஏறினாள். முதல் ஃபேஸ் கம்பி வெளியே வரும் பீங்கான் புஷ்ஷிங்கின் நட்டு விரலாலேயே சுழன்றது. கம்பி முனையைப் பிடிக்கும் லக் வளையம் கரிந்து நீலம் பாய்ந்திருந்தது. 'சர்' சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அதன் சூட்டில் அடியிலிருந்த கார்க் வாஷர் காய்ந்த ரொட்டி ஓரம்போல இறுகிச் சுருங்கி, சுற்றிலும் எண்ணெய் கசிந்திருந்தது. மேல்தொட்டியின் அளவுக் கண்ணாடியில் எண்ணெய் கடைசிக் கோட்டுக்குக் கீழே. தொட்டிக்குள் போகும் காற்றை உலர்த்தும் மூச்சுக்குப்பியில், நீலமாக இருக்கவேண்டிய மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகியிருந்தன.

அடி வால்வைத் திறந்து, எண்ணெயைப் புஷ்ஷிங் மட்டத்துக்குக் கீழே வரும்வரை சுத்தமான டிரம்மில் இறக்கினார்கள். ஊசி புது வாஷரை உட்கார்த்தி, புது லக் அழுத்தி, நட்டை முறுக்கினாள். அதிகம் முறுக்கினால் பீங்கான் விரிசல்விடும். குறைந்தால் மறுபடி கசியும். துணியின் கனத்தை விரலால் அறிந்த கை, சரியான இடத்தில் நின்றது. பரிசோதித்த எண்ணெயைக் கோடுவரை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மணிகளை மாற்றி, காப்பை அளக்கும் மெக்கர் கருவியில் எல்லாம் சரியென்று பார்க்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

இதற்கிடையில் பொறியாளர் அம்மா லைட்காரரைக் கூட நிறுத்திக்கொண்டு விளக்கு வரிசைகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடவைத்தார். தன் இருபது வருட அனுபவத்தில் இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லை என்று லைட்காரர் புலம்பினார். அதனால்தான் இருபது வருடமாக ஃப்யூஸ் போகிறது என்றார் பொறியாளர் அம்மா.

ராடுகளைக் கழற்றி, ஆட்களை எண்ணிப்பார்த்து, பளு இல்லாமல் முதலில் உயிர் கொடுத்தார்கள். ரீங்காரம் மெலிதாக எழுந்தது. பிறகு ஒவ்வொரு கட்டையிலும் ஒற்றை இழை கட்டி ஊசி செருகினாள். விளக்குகள் எரிந்தன. நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தைந்து, நூற்று இருபது. வாஷரைச் சுற்றித் துடைத்த துணி அரைமணி கழித்தும் உலர்ந்தே இருந்தது.

பொறியாளர் அம்மா வண்டி முகப்பிலேயே அறிக்கையை வைத்து எழுதினார். இரட்டை இழை போட்டது எழுதாமல் விடமுடியாது, பயிற்சி மூன்று மாதம் நீளும் என்றார். அதைத் தானே வந்து சொன்னாள் என்பதையும் எழுதியிருப்பதாகச் சொன்னார். ஊசி தலையாட்டினாள். மூன்று மாதம் குடம் நடுங்கட்டும். ராத்திரி அந்தக் கம்பத்தடியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் பக்கத்தில் வந்தார். கையுறையை மடித்தார், பிரித்தார்.

"பின்தெருவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒண்ணு. ரெண்டுலயும் நான் போட்ட ரெட்டை இழை இருக்கு" என்றார். "வருஷமாச்சு. ராத்திரியில கூப்பிட்டு உசுரை வாங்குறாங்கன்னு போட்டது."

ஊசி மூடிய கருவிப் பையை மறுபடி திறந்தாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டுதான் வர்றேன். இன்னும் வெளிச்சம் இருக்கு, ஏணியைப் பிடி தாயி."

ஏணியின் முன்முனையை அவர் தூக்கினார். பின்முனையை அவள் தோளில் ஏற்றிக்கொண்டாள்.