மிச்சக் கல்லு எந்த வீட்டுக்கு

சாய்ந்தமருதில் முஸ்தாக்கைத் தெரியாதவர்கள் குறைவு. சுனாமியில் கடல் வந்து போன பிறகு வீடுகள் எழும்பிய காலத்தில் சாந்து குழைக்கப் போனவர், மேசனாகி, பிறகு சொந்தமாக வீடுகளைப் பொறுப்பெடுத்துக் கட்டத் தொடங்கினார். அதிகம் கதைக்கமாட்டார். விதவையாகிவிட்ட மூத்த சகோதரி ஹாஜறாவும் அவருடைய வீட்டு வளவிலேயே இருந்தார். ராத்தாவுக்குத் தனியாக ஓர் அறை கட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த வருடம்தான் சொந்தக் காசில் செங்கல் இறக்கி அதைத் தொடங்கினார்.

அதே நேரத்தில் சுபியானின் வீட்டு வேலையும் அவர் கையில் இருந்தது. கத்தாரில் சாரதியாக இருந்த சுபியான், மூத்த மகளின் கலியாணத்துக்காக அந்த வீட்டைக் கட்டுவித்தார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் முஸ்தாக் சில போட்டோக்களை அனுப்பி, வெளிச்சுவரை முடிக்க இன்னும் ஒன்பதாயிரத்து முந்நூறு கல் வேண்டும் என்று எழுதினார்.

சுபியான் தன் வீட்டைப் போட்டோவில் மட்டுமே பார்த்தவர். வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். அன்று கதவு நிலையை ஏழு அடி என்று வைத்துக்கொண்டு சுவரை அளந்தார். சதுர அடிக்கு எத்தனை கல் பிடிக்கும் என்று அறையில் இருந்த ஒருவரிடம் கேட்டார். பிறகு எழுதினார்:

"அஸ்ஸலாமு அலைக்கும் முஸ்தாக். போட்டோவில அளந்து பார்த்தன். ஜன்னல் கழிச்சா இனிக் கட்ட இரிக்கிற வெளிச்சுவர் எண்ணூறு சதுர அடிதான். சதுர அடிக்கு அஞ்சரைக் கல்லு. நாலாயிரத்து நானூறு வருது. உடையிறதுக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் நீங்க சொன்னதில பாதிதான். மிச்சக் கல்லு எந்த வீட்டுக்கு?"

இதை மனைவியின் சகோதரன் சாலிஹுக்கும் அனுப்பிவைத்தார். சாலிஹ் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். ராத்தாவின் அறைக்கென்று முஸ்தாக்கின் வாசலில் கல் குவிந்திருந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள். யாரும் வேறொன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

முஸ்தாக் கோபப்படவில்லை. சாரக்கட்டில் ஏறி, சுவரின் தலைப்பில் குறுக்காக அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுத்தார். குரல் பதிவு ஒன்றையும் அனுப்பினார்.

"காக்கா, நீளமும் உயரமும் நீங்க அளந்தது சரி. சுவர்ட மொத்தம், அதுட தடிப்பு, போட்டோவில தெரியாது. அஞ்சரைக் கல்லு நாலரை அங்குலச் சுவருக்கு. இது ஒன்பது அங்குலம், பதினொரு கல்லு பிடிக்கும். எண்ணாயிரத்து எண்ணூறு. உடையிறதுக்கு அஞ்சூறு. ஒரு வரி நீளப்பக்கம், மறு வரி கல்லுட தலைப் பக்கம் தெரியுது பாருங்க, அதுதான் ஒன்பது அங்குலக் கட்டு. நாளைக்கு சின்ன மகளுக்கு மேல மாடி எழுப்போணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

சுபியான் அந்தக் குரல் பதிவை இரண்டு தரம் கேட்டார். மாடி பற்றிச் சொன்னது தான்தான். உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினார். சாலிஹுக்கும் விளக்கினார். சாலிஹ் அதைக் கடையில் வாசிக்கவில்லை.

முஸ்தாக் அந்த வீட்டை வாக்குப்படி கட்டி முடித்தார். ஆனால் அக்கரைப்பற்றில் பேசி வைத்திருந்த வேலை ஒன்று கைநழுவியது. சந்தியில் நின்று "மிச்சக் கல்லு" என்று யாரோ சிரித்தது ஹாஜறாவின் காதில் விழுந்தது.

"தம்பி, எனக்கு அறை வேணா. இந்தக் கல்ல வித்திரு," என்றார் அவர்.

"இது நம்மட கல்லு ராத்தா."

"எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதே."

இடுப்பளவு எழும்பிய அறை அப்படியே நின்றது. மாரி மழையில் அதன் மேல் பாசி படர்ந்தது. வேலை வராமல் போனதும் முஸ்தாக் சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

மகளின் கலியாணத்துக்கு ஊர் வந்த சுபியான் புதுச்சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு முஸ்தாக்குக்கு அழைப்பு எடுத்தார்.

"பொருந்திக்கங்க முஸ்தாக், மன்னிச்சிக்கங்க. என்னாலதான் எல்லாம்."

"நான் அண்டைக்கே பொருந்திட்டன் காக்கா." மறுபக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. "ராத்தாட்ட ஒருக்கா சொல்லுங்க. அவதான் இன்னும் வெளியில இறங்குறல்ல."

அன்று பின்னேரம் சுபியான் சாலிஹையும் கூட்டிக்கொண்டு போனார். ஹாஜறா கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லி முடியும்வரை கேட்டார். அறையைத் தானே கட்டித் தருவதாகச் சுபியான் சொன்னார்.

"வேணா. பொருந்திட்டன், போங்க," என்றார் ஹாஜறா. கொஞ்சம் பொறுத்து, "அவன் அங்க வெயிலுக்க நிண்டு வேலை செய்யிறானாம். அவன வரச் சொல்லுங்க," என்றார்.

 சாலிஹ் வாசலிலேயே, தலை குனிந்தபடி நின்றார்.