ரேடியோவில் சொன்ன கடைசி வரி

எஃப்.எம். ரேடியோவிலிருந்து வந்தவர் எங்கள் கடைக்கென்று எழுதி வந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டியதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தீபாவளிக்கு இரண்டு பிளவுஸ் தைத்தால் ஒன்று இலவசமாம். கூட்டம் அள்ளுமாம். அள்ளும்தான். உட்கார்ந்து தைப்பது யார், இவரா?

விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் கடை. என் வீட்டுக்காரர் துணி வெட்டுவார், நான் அளவெடுப்பேன், மெஷினில் இரண்டு பெண்கள். முந்தைய தீபாவளிக்கு வந்த துணியையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு விழி பிதுங்கினோம். கொக்கி வைக்காத பிளவுஸோடு போனவர்கள் எத்தனையோ பேர். கடை திறந்த நாளிலிருந்து வரும் டீச்சரம்மா, வெட்டாமலே கிடந்த தன் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "முடியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேற எடத்துல குடுத்திருப்பேன்ல?" என்று கேட்டார். அந்த வார்த்தை சுட்டது. மெயின் ரோட்டில் ரெடிமேட் கடை வேறு வந்துவிட்டது. இந்த வருஷமும் சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால் விளம்பரத்தை நானே எழுதினேன். ஆயுத பூஜைக்குள் பிளவுஸ் துணி கொடுத்தால் புடவை ஓரத்துக்கு ஃபால்ஸும் பிக்கோவும் தைத்துத் தருவது இலவசம். தீபாவளிக்கு முன்பே பிளவுஸ் கைக்கு வந்துவிடும். கடைசி வரி இது: "ஆயுத பூஜைக்கு அப்புறம் யார் வந்தாலும் துணி வாங்க மாட்டோம்."

வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, நான் சத்தமாகப் படித்தேன். விளம்பரத்துக்குக் கொடுத்திருந்த அறுபது வினாடியைத் தாண்டி ஓடியது. முதலில் கொஞ்சம் மியூசிக் போகும். கடை இருக்கும் இடத்தை இரண்டு முறை சொல்லியாக வேண்டும், ஒருமுறை சொன்னால் காதில் நிற்காது. ஆகவே எதையாவது வெட்டத்தான் வேண்டும். வீட்டுக்காரர் கடைசி வரியில் விரலை வைத்தார். வருகிற லட்சுமியை வாசலிலேயே நிறுத்துவார்களா என்றார். நான் 'கைராசிக்காரர், அனுபவசாலி' என்று அவரைப் பற்றி எழுதியிருந்ததை எல்லாம் அடித்தேன். சரியாக அறுபதுக்குள் வந்தது. அன்று முழுக்க மனுஷன் என்னோடு பேசவில்லை.

இது கன்னட ஊர் என்பதால், ரேடியோ நிலையத்தில் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கும் பெண் எல்லாவற்றையும் கன்னடத்துக்கு மாற்றினாள். எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்களுக்காகக் கடைசி வரியை மட்டும் தமிழிலும் சொல்லச் சொன்னேன். யார் வந்தாலும் என்பது கொஞ்சம் கடுமையாக இல்லையா என்று தயங்கினாள். கடுமையாகவே சொல்லும்மா என்றேன்.

நவராத்திரி தொடங்கும் முன்பே துணி வரத் தொடங்கியது. ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, ஆர்டர் முடிந்தது என்று வாசலில் பலகை மாட்டினேன்.

அடுத்த வாரமே என் நாத்தனார் வந்தாள், வீட்டுக்காரரின் அக்கா. கையில் பட்டுப்புடவை, அதோடு பிளவுஸ் துணி. கடையில் நாலைந்து பேர் தைத்ததை வாங்க நின்றிருந்தார்கள். இந்த ஒன்றை வாங்கினால், பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நாளைக்குத் தங்கள் அக்கா தங்கைகளை எல்லாம் கூட்டி வருவார்கள். பிறகு போன வருஷக் கதைதான்.

"இல்ல அண்ணி. ஆர்டர் முடிஞ்சிடுச்சு."

"அது ஊர்ல இருக்கறவங்களுக்குச் சொன்னது. எனக்குமா?"

"யார் வந்தாலும்னு சொல்லியிருக்கோம் அண்ணி."

அவள் முகம் கருத்துவிட்டது. என்னோடு பேச்சில்லை என்பதுபோல் தம்பி பக்கம் திரும்பினாள். இது என் தம்பி கடைதானே என்றாள். போச்சு, இவர் கையை நீட்டி வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த வரியை வெட்டச் சொன்னவரே இவர்தானே. அவர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"ரேடியோல சொல்லிட்டோம்க்கா. கோச்சுக்காத."

நாத்தனார் புடவையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்தவரின் பிளவுஸைத் தேடினேன்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு பிளவுஸ் பாக்கியில்லை. சொன்ன நாளில் எல்லாம் போய்ச் சேர்ந்தது. நாத்தனார் மட்டும் பழைய பிளவுஸைப் போட்டுக்கொண்டு தொம்மலூர், பிரேசர் டவுன் என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் எங்களைத் திட்டினாள். தேதி தாண்டினால் கூடப்பிறந்தவளுக்கே தைக்கமாட்டார்களாம், அப்படி ஒரு கடையாம்.

அடுத்த வருஷம் புரட்டாசி பிறக்கும் முன்பே தொம்மலூரிலிருந்தெல்லாம் துணி வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டால், தேதி தாண்டினால் நீங்கள் வாங்க மாட்டீர்களாமே என்றார்கள். ரேடியோக்காரர் மறுபடி வந்தார். வேண்டாம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். அந்த வருஷம் ஆர்டர் புத்தகத்தில் முதலில் எழுதிய பெயர் நாத்தனாருடையது.