கத்தரி போட்ட ஐந்து

தேர்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் கூடத்தில், எண்ணை வெட்டி வெட்டிக் குறைப்பதால் அந்த அம்மாளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது, காபி இயந்திரத்துப் பக்கம் ஒதுங்கித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவள். மேல்படிப்புக்கான பொதுத் தேர்வில், ஒரு சின்ன வாதத்தைக் கொடுத்து, அது வெளியே சொல்லாமல் எதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது எனக் கண்டுபிடித்து விமர்சிக்கச் சொல்வார்கள். வாதம் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. எழுதியவரின் பெயரும் ஊரும் திரையில் வராது. பூஜ்யத்திலிருந்து ஆறுக்குள் ஓர் எண் போட வேண்டும். ஆறு போட நேர்ந்தால், சொத்தை எழுதிக் கொடுப்பவள் மாதிரி முகம் வைத்துக்கொள்வாள் கத்தரி.

அன்றைய வாதத்தை எழுதியவர் ஒரு முதியோர் குடியிருப்பின் மேலாளர். "உறவினர் வந்து தங்கும் அறைகளுக்கு இந்த வருடம் பதிவு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே இங்கிருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோரைப் பார்க்கும் ஆசை போய்விட்டது. அறைகளைச் சாமான் கிடங்காக்கிவிடலாம்."

நல்ல கட்டுரை இதைக் குடைந்து பார்க்கும். பதிவு குறைந்தால் வருகையும் குறைந்ததாகிவிடுமா? வந்தவர்கள் வேறெங்காவது தங்கியிருக்கலாம், அறை வாடகை ஏறியிருக்கலாம். அப்படியே வராவிட்டாலும், ஆசை இல்லாததுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? இந்த வருடம் போலத்தான் அடுத்த வருடமும் இருக்குமா? காலையிலிருந்து கத்தரி இதையெல்லாம் தேடித் தேடி மூன்றும் நான்குமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் வந்த ஒரு கட்டுரை இதில் எதையும் செய்யவில்லை. மேலாளர் சொல்வது தப்பு என்று ஆரம்பித்து, நேரே சொந்தக் கதைக்குப் போய்விட்டது. "நான் அம்மாவைப் பார்த்து வெகுநாள் ஆகிறது. தினமும் நினைத்துக்கொள்கிறேன். தோற்றுப்போன முகத்தோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?" கத்தரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஐந்து போட்டாள்.

ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது வழக்கம். இன்னொருவர் இதற்கு இரண்டு போட்டிருந்தார். இவ்வளவு இடைவெளி விழுந்தால் குழுத் தலைவி மூன்றாவதாகப் படித்து முடிவு சொல்வாள். படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கத்தரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் வயதுதான் இருக்கும்.

"அக்கா, இதுக்கு நீங்களா அஞ்சு போட்டீங்க? கை தவறி அழுத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"வாதத்துல எந்த ஓட்டையைக் காட்டியிருக்கு, சொல்லுங்க."

"வரலேங்கறதால ஆசை இல்லேன்னு ஆயிடாது."

"அது நீங்க சொல்றது அக்கா. இவங்க அலசவே இல்லையே, தன் கதையைத்தான் சொல்றாங்க. படிச்சா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா கேட்டது அது இல்லையே."

கத்தரி திரையைப் பார்த்தாள். "ரெண்டுதான்," என்றாள்.

ஏற்கெனவே மதிப்பெண் முடிவான மாதிரிக் கட்டுரைகள் சிலவற்றை முதலில் திருத்திக் காட்டிவிட்டு, பிறகு வேலையைத் தொடருமாறு கத்தரியிடம் சொன்னாள் தலைவி. கத்தரி போட்ட எண்களெல்லாம் அச்சாகப் பொருந்தின. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, மனசுதான் உட்கார மாட்டேன் என்றது.

அவளுக்கு ஒரே மகன். படிப்பைப் பாதியில் விட்டு, வேறு ஊரில் ரொட்டிக் கடை வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "நீ சொல்றதுல ஒரு காரணமாவது நிக்குதா?" என்று கேட்டாள், கட்டுரையைத் திருத்துகிறவள் மாதிரி. அவன் போனவன்தான். வரவில்லை, கூப்பிடவும் இல்லை. அவனுக்கு நான் வேண்டாம் என்று முடிவு கட்டி, அவளும் கூப்பிடாமல் இருந்துவிட்டாள். ஊரார் வாதத்தையெல்லாம் தட்டிப் பார்த்தவள், இதை மட்டும் ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கட்டுரை அவனுடையது இல்லை, அவன் தேர்வு எழுதுகிற ஆளும் இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவனுடையதாக இருக்கக் கூடாதா என்று அத்தனை ஏக்கமாக இருந்தது.

இடைவேளையில் மாடிப்படிக்குப் போய் அவன் எண்ணை அழுத்தினாள். எடுத்துவிட்டான்.

"கடையில வேலை அதிகமா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"உடம்புக்கு ஏதாவது..."

"நல்லாத்தான் இருக்கேன்."

"என் முன்னால வந்து நிக்கக் கூச்சமா இருந்துச்சா?"

"கூச்சம் எதுக்கு? ரொட்டி நல்லாத்தான் போடறேன். வரணும்னு தோணலம்மா. அவ்வளவுதான்."

வேறு காரணமே இல்லை. அவள் ஓட்டையும் உடைசலுமாகக் கட்டிய முடிவுதான் கடைசியில் சரியாக இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். வலித்தது. ஆனால் இத்தனை நாள் கேட்காத குரல் காதோரம் இருந்தது, அவன் இன்னும் துண்டிக்கவில்லை.

"எனக்குத் தோணுது, உன்னைப் பார்க்கணும்னு. நான் வரட்டுமா?"

மறுமுனையில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"வந்தா, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டியே?"

"மாட்டேன்."

தட்டுச் சத்தம் நின்றது.

"திங்கக்கிழமை எனக்கு லீவு," என்றான்.