வெளுத்துப்போன சிவப்பு

கார் பட்டறையில் நான் ஒடுக்கு எடுக்கிறவன், என் மனைவி பெயிண்ட் கலக்குகிறவள். என் வேலைக்குச் சுத்தியல் போதும். அவளுக்குக் கண்தான் மூலதனம். அடிக்கடி வரும் நிறங்களுக்கு மாதிரி அட்டையைத் தொடமாட்டாள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் டப்பாவைப் பார்த்து, மனதில் இருக்கும் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். கர்வம் பிடித்தவள். அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்கும்.

அன்று ஒரு சிவப்புக் காரின் கதவு, உதட்டுச் சாயம் அப்பியதுபோல் வந்துவிட்டது.

"என்ன இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?"

"கலக்கறப்போ செங்கல் நிறமாத்தாங்க இருந்துச்சு. அதான் சிவப்பு சேத்தேன்." வலக்கண்ணைத் தேய்த்தாள். "ரெண்டு நாளா இந்தக் கண்ணைத் திருப்பினா உள்ள இழுத்து வலிக்குது."

டப்பாவின் சிவப்பு மூடியைக் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். இடக்கண்ணில் சிவப்பு, வலக்கண்ணில் துவைத்து வெளுத்த துணி மாதிரி என்றாள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

கண் மருத்துவர் அம்மா விளக்கை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். வலக்கண்ணுக்கு வந்ததும் பாவை சுருங்காமல் விரிந்தது.

"பார்வை நரம்புல வீக்கம். நரம்பைச் சுத்தியிருக்கற உறையை உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே தாக்குது."

"நிறம் திரும்பி வருமா டாக்டர்?" அவளுக்கு வேறு கேள்வியே இல்லை.

"பெரும்பாலும் வரும். ஸ்டீராய்டைக் கையில டிரிப்ஸா ஏத்தினா சீக்கிரம் வரும். லேசா வெளுப்பு மிஞ்சலாம். மூளைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நரம்பு மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இதே மாதிரி உறை தேய்ஞ்ச இடங்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்னு, மூளை, தண்டுவட நரம்பையெல்லாம் திரும்பத் திரும்பத் தாக்கற நோயா மாறற வாய்ப்பு அதிகம். கண்டிப்பா மாறும்னு இல்ல. கை கால் மரத்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வரணும். அதைத் தள்ளிப்போடற மருந்தும் இருக்கு, அடுத்த தடவை பேசலாம்."

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. வந்தா பாத்துக்கலாம். எனக்கு இப்போ சிவப்பு வேணும்."

மருந்து ஏறியதும் வலி போனது. சில வாரங்களில் பார்வையும் மெல்லத் தெளிந்தது. வெயிலில் உடம்பு சூடேறினால் மட்டும் கொஞ்சம் மங்கும்; அது இயல்புதான், ஆறினால் சரியாகும் என்றார் மருத்துவர். அப்போதெல்லாம் மின்விசிறிக்கு அடியில் மகாராணியாக உட்கார்ந்துவிடுவாள்.

மறுபடி ஒரு சிவப்புக் கார் வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். அவள் மாதிரி அட்டையை எடுத்தாள். இரண்டு கண்ணையும் திறந்து, கதவோடும் டப்பாவோடும் ஒட்டி ஒட்டிப் பார்த்துக் கலக்கினாள். மனதை நம்பவே இல்லை. எனக்கு அவளை அன்றைக்குப் போல என்றைக்கும் பிடித்ததில்லை.

காரை எடுக்க வந்தவர் இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"எந்தக் கதவுக்குங்க பெயிண்ட் அடிச்சீங்க?"

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.