எச்சரிக்கைக்குக் கீழே ஒரு வேண்டுகோள்

என் தம்பி மகளை வீட்டில் 'எச்சரிக்கை' என்றுதான் கூப்பிடுவோம். மிக்சி, தண்ணீர் பம்பு, இஸ்திரிப் பெட்டி இவற்றோடு வரும் கையேடுகளை எழுதுவது அவள் தொழில். 'ஈரக் கையால் தொடாதீர்', 'மூடியைத் திறக்காதீர்' என்று எழுதி எழுதி, வாயைத் திறந்தாலே முதலில் எச்சரிக்கைதான் வரும். பெண் பார்க்க வந்தவரிடம் ஏழு எச்சரிக்கை சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் சம்மதம் என்றாள். அதுவரை மாப்பிள்ளை மூச்சே விடவில்லை. இன்றுவரை முழுசாக விட்டாரா என்பதும் சந்தேகம்தான்.

அவள்தான் திடீரென்று வேலையை விட்டாள். இனி கம்பெனி கம்பெனியாகத் தானே வேலை வாங்கி எழுதப் போகிறாளாம். பழைய மேனேஜர், அவள் நாற்காலியை மாசக் கடைசிவரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு வேலையாவது வராவிட்டால் திரும்பிப் போய் உட்கார வேண்டியதுதான்.

மாசம் தேய்ந்துகொண்டே போனது. போன் வாயைத் திறக்கவில்லை.

"பழைய ஆபீஸ்ல சொல்லி வச்சியாடி?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனா அத்தை? மேனேஜர்லேருந்து கூட வேலை பார்த்தவங்கவரைக்கும் எல்லாருக்கும் ஒரே மெயில். தெரிஞ்சவங்ககிட்ட என்னைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டேன். என்ன பதில் தெரியுமா? 'நல்லா ஓய்வெடு.' எல்லாரும் அதையே எழுதியிருக்காங்க! வேலை கேட்டா ஓய்வெடுன்னா என்ன அர்த்தம்? உன் லட்சணத்துக்கு அதுதான்னு அர்த்தம்."

மறுநாள் சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தவள், துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் மேனேஜர், கையில் ஒரு பை ஆப்பிள். அவர் பேசினால் கீழ்மாடிக்காரர்கள் குடை எடுத்துக்கொண்டு கிளம்புவார்களாம். அதனால் அவருக்கு ஆபீசில் 'இடி' என்று பட்டம். அந்த இடி இப்போது கிசுகிசுத்தது.

"எப்படிம்மா இருக்க?"

அவருக்குப் பின்னாலிருந்து, கையேடுகளுக்குப் படம் வரைபவள் எட்டிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. எச்சரிக்கையைக் கண்டதும் அலறினாள்.

"ஐயோ, நீ ஏண்டி ஸ்டூல் மேல ஏறின? டாக்டர் என்ன சொன்னார்?"

"எந்த டாக்டர்?"

இடியின் கையிலிருந்த பை நழுவி, ஆப்பிள்கள் கட்டிலடிக்கு ஓடின. யாரும் குனியவில்லை.

படக்காரி போனை எடுத்து மெயிலை வாசித்தாள். "'என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். யாரும் சிரமப்பட்டு வீடு தேடி வர வேண்டாம். பதில் எழுதும் கட்டாயம் இல்லை. இத்தனை வருடத்தில் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னியுங்கள்.' இதைப் படிச்சா வேற என்ன நினைக்கறது? நான் ரெண்டு நாள் சாப்பிடல!"

"கீழ படிச்சியா? அதுக்குக் கீழதானே வேலை கேட்டிருக்கேன்!"

"கையேட்டை யாருடி கடைசிவரைக்கும் படிக்கறாங்க?"

எச்சரிக்கை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பேரிடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

"பம்பு கம்பெனிக்காரர் உன்னைத்தான் கேட்டார்மா," என்றார் மேனேஜர். "சின்ன வேலை, நாங்க எடுக்கறதில்ல. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான்..."

"சார்!"

"இஸ்திரிப் பெட்டிக்காரர்கிட்ட நான் சொல்லிட்டேன்," என்று படக்காரி முணுமுணுத்தாள். "அவர் வேற ஆள் பார்த்துட்டாராம்."

ஆபீசிலேயே அவள் நலத்தை விரும்பியவர்கள் இவர்கள் இருவரும்தான். அவர்களே வந்த வேலையைக் கதவடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இடிக்குப் பழைய குரல் திரும்பியது. "முதல்ல என்ன வேலை, யாருக்குன்னு எழுது. நாங்க அப்படியே அனுப்பற மாதிரி மூணு வரி போதும். எங்க கஸ்டமர்களை நீயா போய்ப் பிடிக்கக் கூடாதுன்னு வேலையில சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்க, ஞாபகம் இருக்கா? பம்பு கம்பெனிக்கு நானே சொல்றேன். இதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னு உனக்கும் ஒரு மெயில் போட்டுடறேன்."

அவள் எழுதினாள். வழக்கம்போல 'தயவுசெய்து சிரமப்பட வேண்டாம்' என்று ஆரம்பித்தாள். படக்காரி அவள் விரலில் ஒரு தட்டுத் தட்டினாள். அது அழிந்தது. மிஞ்சியது இதுதான்: 'வீட்டு உபயோகச் சாதனங்களுக்கு எளிய தமிழில் கையேடு எழுதித் தருகிறேன். சிறு கம்பெனிகளின் வேலையும் செய்வேன். மாதிரிக்கு இரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன்.'

மேனேஜர் அதை அங்கேயே நின்று அனுப்பினார். கட்டிலடியிலிருந்த ஆப்பிள்களை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. பம்பு கம்பெனிக்காரர்.

"உடம்பு இப்ப தேவலையாம்மா?" என்றது பரிதாபமான குரல்.

எச்சரிக்கை எங்களைப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வேலை வேணும் சார்," என்றாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு."