உப்புப் பையில் என் வரி

தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் உப்புக் கொட்டகையில் ஒரே குவியல்தான் மூன்று கம்பெனிப் பைகளுக்குள் போகும். எங்கள் முதலாளி அந்த மூன்றில் ஒன்றான தன் பைக்கு ஒரு விளம்பர வரி வேண்டுமென்று எல்லோரையும் கேட்டார். "கொஞ்சம் போட்டாலே போதும்" என்று மெதுவாகச் சொன்னேன். அதையே அச்சடித்துவிட்டார்.

சரக்கு இறக்கப் போன கடையில் அண்ணாச்சி அதை வாசித்தார்.

"ஏலே, அப்போ மத்த உப்பையெல்லாம் அள்ளிப் போடணுமோ?"

குவியல் ஒன்றுதான் என்று தெரிந்தால் முதலாளிக்கு வியாபாரம் போகும், எனக்கு வேலை போகும்.

"மத்ததைப் பத்தி ஒண்ணும் எழுதலியே, அண்ணாச்சி."

அவர் சிரித்தார். "வெவரமாத்தான் எழுதியிருக்கான். யாருலே அவன்?"

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். மற்ற இரண்டு கம்பெனிப் பைகளும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் பார்க்காமலே மூட்டைகளை இறக்கினேன்.