கதவைப் பூட்டியாச்சா?

எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வருகிறவர்களில் 'கமா'வை எனக்குப் பிடிக்கும். விளம்பரங்களுக்கு வசனம் எழுதுகிறவர். ஒரு கமாவை எடுக்கச் சொன்னால்கூட மல்லுக்கு நிற்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

அன்று மெத்தை விளம்பரம். முப்பது விநாடி. படம் எடுக்குமுன் நேரம் சரியாக வருகிறதா என்று பார்க்க, மாதிரிக்குக் குரலை மட்டும் பதிகிறோம். காட்சி இவ்வளவுதான்: படுக்கையறை. கண் சொருகும் மனைவி, "கதவைப் பூட்டியாச்சா?" என்கிறாள். கணவன், "பூட்டிட்டேன். நீ தூங்கு" என்கிறான். பதில் முடியுமுன் அவள் தூங்கியிருப்பாள். கடைசி ஐந்து விநாடிக்கு மெத்தையின் பெயர்.

மெத்தைக் கம்பெனி முதலாளிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"நாலு அடுக்கு ஃபோம், ஆயிரம் ஸ்பிரிங். ஒண்ணையும் காணோமே?"

"அதைக் கடையில சொல்லுவாங்க சார். வீட்ல தூக்கம் வந்தாப் போதும்" என்றார் கமா.

"குரலைக் கேட்டுட்டுச் சொல்றேன். சரிப்படலைன்னா ஸ்பிரிங்தான்."

மனைவி குரலுக்கு ஓர் அம்மாள் வந்திருந்தார். கணவன் குரலுக்கு ஆள் வரவில்லை. மாதிரிதானே என்று கமாவே மைக் முன்னால் நின்றார்.

"கதவைப் பூட்டியாச்சா?" என்றார் அம்மாள், பாதித் தூக்கத்தில்.

"எத்தனை தடவைதான் கேப்ப?" என்று வள்ளென்று விழுந்தார் கமா.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்லயும் இதேதான். இதையே வச்சுக்குங்க, ஸ்பிரிங் வேண்டாம்."

கேட்டது கிடைத்துவிட்டதே, வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? மனிதர் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

"அது வேண்டாம் சார். வாய் தவறி வந்துடுச்சு. என் வீட்டுக்காரி தினம் கேப்பா. பூட்டினதே அவதான், இருந்தாலும் கேப்பா. பத்தொன்பது வருஷம் இப்படித்தான் எரிஞ்சு விழுந்தேன். அவ போய் மூணு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது ஒழுங்கா பதில் சொல்லியிருக்கலாம். அதான் எழுதினேன்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதினபடியே சொல்லுங்க" என்றார்.

மறுபடி பதிந்தோம். அம்மாள் கேட்டார். "பூட்டிட்டேன். நீ தூங்கு." இவ்வளவு மெதுவாகப் பேச கமாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தைந்து விநாடி. முதலாளி தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

"முடிஞ்சுதுண்ணே, வாங்க" என்றேன்.

கமா ஹெட்போனைக் கழற்றவில்லை.

"இன்னொரு தடவை பதியலாமா தம்பி?"

"எதுக்குண்ணே? இதுவே நல்லாத்தானே இருக்கு."

"இருக்கு. அந்தம்மா இன்னொரு தடவை 'பூட்டியாச்சா'ன்னு கேக்கட்டும்."